ஃபுல் ஸ்பீடில் சாது, ராத்திரியில் பேய்

"ஃபுல் ஸ்பீடுல கம்முனு ஓடுது சார். ராத்திரி ஸ்பீடைக் குறைச்சாதான் பேய் புடிச்ச மாதிரி ஆடுது. நியாயமா பாத்தா தலைகீழா இல்ல இருக்கணும்?"

மேனாம்பேட்டிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போகிற வழியில் இருக்கும் ஒரு பெயின்டிங் ஷெட்டின் ஃபிட்டர் அண்ணன் கேட்ட கேள்வி இது. வண்டி பாகங்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிற இடம். பெயின்ட் பூத்தின் புகையை வெளியே இழுக்க ஒரு எக்ஸாஸ்ட் புளோயர். மோட்டாரும் இம்பெல்லரும் ஒரே இரும்பு ஃபிரேமில் உட்கார்ந்திருக்கும். ஃபிரேமின் நாலு மூலையிலும் ரப்பர் மவுண்ட். பகலில் இரண்டு பூத்தும் ஓடும், ராத்திரி ஷிஃப்டில் ஒன்றுதான். கரன்ட் பில்லைப் பார்த்த ஓனர் மோட்டாருக்கு ஒரு வி.எஃப்.டி. டிரைவ் மாட்டினார். அதில் தப்பே இல்லை. புளோயர் இழுக்கும் காற்று வேகத்தின் நேர் விகிதத்தில் குறையும், தின்னும் கரன்ட்டோ வேகத்தின் மும்மடிக்குக் குறையும். பாதி வேகத்தில் ஓட்டினால் எட்டில் ஒரு பங்கு பவர் போதும்.

டிரைவ் வந்த வாரத்திலிருந்து ராத்திரி ஆட்டம். பேரிங் போய்விட்டது என்று பேரிங் மாற்றினார்கள். போல்ட்டுகளை இறுக்கினார்கள். டிரைவ்தான் மோசம் என்று ஒரு கட்சி கிளம்பியது. ஆட்டம் மட்டும் நிற்கவில்லை.

முதலாமாண்டு இன்ஜினியரிங் மெக்கானிக்ஸில் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் ஸ்பிரிங், மாஸ், டாம்பர் கணக்கு அப்படியே இந்த ஷெட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதை ஒருமுறை நிதானமாகப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் அண்ணனின் சந்தேகத்தில் இருக்கும் நியாயம். இம்பெல்லரின் இறக்கைகளில் பெயின்ட் தூள் சமமில்லாமல் படிந்துவிட்டது என்று வையுங்கள். கூடுதலாகப் படிந்த எடை m, அது மையத்திலிருந்து e தூரத்தில் இருக்கிறது. அது சுற்றும்போது புளோயரை வெளிப்பக்கம் இழுக்கும் விசை meω². வேகம் குறைந்தால் இந்த விசை இருமடி விகிதத்தில் குறையும். ஆகவே 'மெதுவாக ஓடினால் ஆட்டம் குறைய வேண்டும்' என்ற எதிர்பார்ப்பு, தள்ளுகிற கையை மட்டும் பார்த்தால் சரிதான். தள்ளப்படுகிற பொருள் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

புளோயர், மோட்டார், ஃபிரேம் எல்லாம் சேர்ந்த மொத்த நிறை M. நாலு ரப்பர் மவுண்ட்டும் சேர்ந்த விறைப்பு k. ரப்பர் நசுங்கி விரியும்போது சூடாகிக் கொஞ்சம் ஆற்றலை விழுங்குகிறதே, அதைத் திசைவேகத்துக்கு நேர் விகிதமான ஒரு தடையாகக் கருதி c என்று எழுதுகிறோம். ஃபிரேம் ஓய்வாக நிற்கும் உயரத்திலிருந்து மேலும் கீழும் நகரும் தூரம் x. ஓய்வு நிலையிலிருந்து அளப்பதால் புளோயரின் எடையும் அதைத் தாங்கும் ரப்பர் விசையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிச்சம் இவ்வளவுதான்:

```
M x'' + c x' + k x = m e ω² sin(ωt)
```

இதன் தீர்வில் இரண்டு துண்டுகள் உண்டு. ஒன்று, ஸ்விட்ச் போட்டதும் வந்து தானே அடங்கிவிடும் துண்டு. இன்னொன்று, ஓடும்வரை ஓயாமல் இருக்கும் துண்டு. இந்த இரண்டாவதுதான் நிலைத்த அதிர்வு. ராத்திரி முழுக்கத் தரையை உலுக்குவது அது. அது தள்ளுகிற வேகத்திலேயே ஆடும், ஆனால் சற்றுப் பின்தங்கி ஆடும். ஆகவே x = X sin(ωt − φ) என்று எடுத்துக்கொள்ளலாம்.

X-ஐக் கண்டுபிடிக்கப் பாடப்புத்தகங்கள் ஒரு பக்கத்துக்கு இயற்கணிதம் போடும். எனக்குப் பிடித்த வழி ஒரு செங்கோண முக்கோணம். ஸ்பிரிங் விசை kX ஒரு திசையில். முடுக்கத்துக்குச் செலவாகும் Mω²X அதற்கு நேர் எதிர்த்திசையில். இரண்டும் சேர்ந்தால் முக்கோணத்தின் ஒரு பக்கம் (k − Mω²)X. டாம்பர் விசை திசைவேகத்தோடு போவதால் கால் சுற்று தள்ளி, அதாவது செங்குத்தாக நிற்கும், அது cωX. இவ்விரண்டும் சேர்ந்து வெளியிலிருந்து வரும் meω²-ஐச் சமாளிக்க வேண்டும் என்பதால் அது கர்ணம். பித்தாகரஸைக் கூப்பிட்டால் வேலை முடிந்தது:

```
X = m e ω² / √[ (k − Mω²)² + (cω)² ]

ωn = √(k/M),  r = ω/ωn,  ζ = c/(2Mωn)  எனில்

X = (m e / M) · r² / √[ (1 − r²)² + (2ζr)² ]
```

இந்த முக்கோணத்தை மனதில் வைத்துக்கொண்டு வேகத்தை மெல்ல ஏற்றிப் பாருங்கள். Mω² வளர்ந்து வளர்ந்து ஒரு கட்டத்தில் k-க்குச் சமமாகும்போது அந்தப் பக்கமே சுருங்கிப் பூஜ்யமாகிவிடுகிறது. ஸ்பிரிங்கும் நிறையும் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொண்டு ஒதுங்கிவிட, வெளி விசையை எதிர்த்து நிற்க டாம்பர் மட்டுமே மிச்சம். அது பலவீனமானது என்றால், விசைக்குச் சமமாக cωX வளரும்வரை X பெருக வேண்டியதுதான். ஒத்ததிர்வு என்பது இந்த நிலைதான். விசை பெரிதாக வேண்டும் என்ற அவசியமே அங்கே இல்லை.

இனி ஷெட்டின் எண்களுக்குப் போவோம். பெயர்ப்பலகைகளைப் பார்த்துக் கூட்டியதில் M சுமார் 200 கிலோ. விறைப்பை அளக்க ஒரு மலிவான வழி உண்டு. செயின் பிளாக்கில் ஃபிரேமைத் தூக்கிய நிலையில் மவுண்ட்டின் உயரம், இறக்கிய பிறகு உயரம், இரண்டையும் வெர்னியரில் அளந்தால் எடையால் ரப்பர் எவ்வளவு அமுங்கியது என்பது கிடைக்கும். அது 3 மில்லிமீட்டர். இதில் ஒரு சௌகரியம்: Mg = kδ என்பதால் ωn = √(g/δ). நிறை என்னவென்றே தெரியாவிட்டாலும் இயல்பு அதிர்வெண் வந்துவிடும். √(9.81/0.003) என்றால் விநாடிக்கு 57.2 ரேடியன், அதாவது 9.1 ஹெர்ட்ஸ்.

ஆனால் ரப்பரிடம் இந்தக் கணக்கு முழுசாகச் செல்லாது. மெதுவாக அமுக்கும்போது காட்டும் விறைப்பைவிட வேகமாக ஆட்டும்போது ரப்பர் அதிக விறைப்பாக நடந்துகொள்ளும். அதனால் இரண்டாவது சோதனை. புளோயரை நிறுத்திவிட்டு, phyphox செயலியைத் திறந்த கைப்பேசியை ஃபிரேம் மேல் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, மரச் சுத்தியால் ஒரு தட்டு. திரையில் வரைபடம் மணியோசை மாதிரி எழுந்து தேய்ந்தது. அலைகளை எண்ணினால் விநாடிக்கு 10. இதுதான் நம்ப வேண்டிய எண். இதை வைத்துப் பின்னோக்கிப் போனால் k விநாடிக்கு 62.8 ரேடியனின் இருமடி பெருக்கல் 200, அதாவது மீட்டருக்குச் சுமார் 7,90,000 நியூட்டன். அமுங்கலிலிருந்து கிடைத்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்.

அதே தட்டிலேயே டாம்பரும் தெரிந்துவிடும். நாலு அலைகளுக்குள் உச்சியின் உயரம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது. ln 5-ஐ நாலால் வகுத்தால் 0.40; அதை 2π-ஆல் வகுத்தால் ζ = 0.064. உச்சிகளின் விகிதத்தை மட்டும் எடுப்பதால், கைப்பேசி முடுக்கத்தைக் காட்டுகிறதா இடப்பெயர்ச்சியையா என்ற கவலை இங்கே வேண்டாம்.

பாக்கி இருப்பது me. இறக்கையில் எங்கே எவ்வளவு படிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதைப் பகல் ஓட்டமே சொல்லும். 50 ஹெர்ட்ஸில் மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, அதாவது விநாடிக்கு 24. அந்த வேகத்தில் கைப்பேசி காட்டிய முடுக்கத்தின் உச்சம் 2.5 மீ/வி². அதை ω²-ஆல், அதாவது 150.8-இன் இருமடியால் வகுத்தால் X = 0.11 மி.மீ. இங்கே r = 2.4. சூத்திரத்தைப் பின்னோக்கிப் போட்டால் me/M என்பது 0.09 மி.மீ. ஆக me = 0.018 கிலோ-மீட்டர். 300 மி.மீ. ஆரத்தில் 60 கிராம் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருப்பதற்குச் சமம்.

இப்போது ராத்திரி என்ன நடக்கும் என்பதை, ராத்திரி வருவதற்கு முன்பே சொல்லிவிடலாம். டிரைவில் வைத்திருந்தது 20 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல். அது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண். நாலு போல் மோட்டார் என்பதால் தண்டின் சுற்று அதில் பாதிக்குக் கொஞ்சம் கீழே: விநாடிக்கு 10. ஃபிரேமின் இயல்பு அதிர்வெண்ணும் 10. r = 1 என்று போட்டால் சூத்திரத்தில் மிஞ்சுவது me/M வகுத்தல் 2ζ மட்டும். 0.09-ஐ 0.128-ஆல் வகுத்தால் X = 0.70 மி.மீ. பகலில் இருப்பதைப் போல ஆறு மடங்குக்கு மேல். அன்று ராத்திரி அளந்தபோது 0.66 வந்தது.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த 0.66 மி.மீ.க்குக் கைப்பேசி காட்டிய முடுக்கம் 2.6 மீ/வி². பகலில் 2.5. திரையில் வரும் எண்ணை மட்டும் பார்த்த ஓனர், "ரெண்டும் ஒண்ணுதானே, எங்க ஆடுது?" என்று கேட்டார். முடுக்கத்தை ω²-ஆல் வகுத்த பிறகுதான் வித்தியாசம் வெளியே வரும். எந்த அலகில் பார்க்கிறோம் என்பதைச் சொல்லாத அதிர்வு அறிக்கை எதற்கும் உதவாது.

ஆனால் இந்தக் கதையின் மையம் X-கூட இல்லை, தரைக்குப் போகும் விசை. பகலில் சமநிலைக் கோளாறு உண்டாக்கும் விசை 0.018 × 150.8², அதாவது 409 நியூட்டன். ராத்திரியில் வெறும் 71. அண்ணன் சொன்னது போலவே ஆறில் ஒரு பங்குக்குக் குறைந்துவிட்டது. தரைக்குப் போவது ரப்பர் வழியாக மட்டும்தான். அந்த விசை X√(k² + c²ω²). பகலுக்குப் போட்டுப் பாருங்கள்: 90 நியூட்டன். ராத்திரிக்கு: 560. உள்ளே 409 பிறந்தால் வெளியே 90 போகிறது. உள்ளே 71 பிறந்தால் வெளியே 560 போகிறது. பக்கத்து மேஜையில் வைத்த டீ கிளாஸ் குலுங்கியது இதனால்தான். பேரிங்கை எத்தனை முறை மாற்றினாலும் இது மாறாது.

பகலில் ஏன் அவ்வளவு அமைதி என்பதும் சுவாரசியமானது. r மிகப் பெரிதாகும்போது சூத்திரத்தில் r² மேலும் கீழும் அடிபட்டு, X வெறும் me/M-ஐ நெருங்கும். ஸ்பிரிங்கும் டாம்பரும் கணக்கிலிருந்தே காணாமல் போகின்றன. அதிர்வு அரைச் சுற்றுப் பின்தங்குவதால், கனமான பக்கம் மேலே போகும்போது புளோயர் கீழே போகும். மொத்த அமைப்பும் தன் உண்மையான நிறை மையத்தைச் சுற்றியே ஓடப் பார்க்கும். 1880களில் ஸ்வீடனில் நீராவி டர்பைன் கட்டிய குஸ்தாவ் டி லாவல் இதை வேண்டுமென்றே பயன்படுத்தினார். தண்டைத் தடிமனாக்கி ஒத்ததிர்விலிருந்து தப்பிக்காமல், மெலிதாக வைத்து, ஒத்ததிர்வைத் தாண்டிய வேகத்தில் ஓட்டினார். வாஷிங் மெஷின் ஸ்பின் தொடங்கும்போது தடதடவென்று குதித்துவிட்டு, வேகம் ஏறியதும் அடங்கிவிடுவதும் இதே கதை. நம் புளோயரும் டிரைவ் வருவதற்கு முன்பு அப்படித்தான் இருந்தது. ஸ்விட்ச் போட்டதும் 10 ஹெர்ட்ஸைச் சட்டென்று கடந்து, அந்தப் பக்கம் போய் நிம்மதியாக ஓடியது. டிரைவ் அதைத் திரும்ப அழைத்து வந்து உச்சியிலேயே உட்கார வைத்துவிட்டது.

உச்சி சரியாக எங்கே இருக்கிறது என்பதில் மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் ஒரு இடம் உண்டு. மாறாத அளவுள்ள விசை தள்ளினால் உச்சி r = √(1 − 2ζ²)-இல், அதாவது 1-க்குச் சற்று முன்னால் வரும். சமநிலைக் கோளாறு என்றால் வேகத்தோடு விசையும் வளர்கிறது; ஆகவே உச்சி r = 1/√(1 − 2ζ²)-இல், 1-க்குச் சற்றுப் பின்னால் வரும். புத்தகத்தில் முதல் சூத்திரம்தான் பெரிய எழுத்தில் இருக்கும், அதை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுவார்கள். நம் ζ-க்கு இரண்டுக்கும் உள்ள தூரம் ஒரு சதவீதம்கூட இல்லை, 9.96-உம் 10.04-உம். ζ 0.3 என்றால் 0.91-உம் 1.10-உம் ஆகி, தப்பான பக்கம் வேகத்தை நகர்த்தச் சொல்லிவிடும். ζ 0.707-ஐத் தாண்டினால் உச்சியே கிடையாது.

"அப்ப டாம்பரைக் கூட்டிட்டா போச்சு" என்பது அடுத்து எல்லோரும் சொல்வது. ரயில் பெட்டியில் அப்படித்தான் செய்கிறார்கள். 1955-இல் பெரம்பூரில் தொடங்கிய ஐ.சி.எஃப். கட்டிய பழைய நீலப் பெட்டிகளின் சக்கர அச்சுக்கு மேலே காயில் ஸ்பிரிங்கும், அதற்குள்ளேயே எண்ணெயில் இயங்கும் டாஷ்பாட்டும் சேர்ந்தே இருக்கும். அங்கே தண்டவாளம் எந்த வேகத்தில் எந்த அதிர்வெண்ணில் ஆட்டும் என்பதைத் தேர்ந்தெடுக்க முடியாது. 13 மீட்டருக்கு ஒரு இணைப்பு இருக்கும் பாதையில் மணிக்கு 56 கிலோமீட்டர் போனால் விநாடிக்கு 1.2 முட்டு. பெட்டியின் துள்ளலும் அந்த அளவில் இருந்தால் டாம்பர் இல்லாமல் தப்பிக்க வழியில்லை.

புளோயருக்கு அது இரண்டும் கெட்ட பேரம். ζ-ஐ 0.3 ஆக்கினால் ராத்திரி X 0.70-இலிருந்து 0.15-ஆக விழும், சந்தோஷம். ஆனால் பகலில் தரைக்குப் போகும் விசை 90-இலிருந்து 144 நியூட்டனாக ஏறும். வேக விகிதம் √2-ஐத் தாண்டிய பிறகு டாம்பரே தரைக்கு விசையைக் கடத்தும் பாலமாகிவிடுகிறது. உச்சிக்கு அருகில் மட்டும்தான் அது நண்பன்.

ஆகவே நாங்கள் செய்தது இரண்டு. முதலாவது, இம்பெல்லரைச் சுரண்டிச் சுத்தம் செய்தது. X நேரடியாக me-யின் மடங்கு என்பதால் 60 கிராமில் பாதி போனாலும் ஆட்டம் எல்லா வேகத்திலும் பாதியாகும். ஆனால் பெயின்ட் பூத்தில் இது சில வாரத்துக்குத்தான், மறுபடி படியும். இரண்டாவதுதான் நிலையான வைத்தியம். பெரும்பாலான டிரைவ்களில் தாண்டிப் போக வேண்டிய அதிர்வெண்ணைச் சொல்லும் ஒரு பாராமீட்டர் இருக்கும். மெனுவில் Skip frequency அல்லது Jump frequency என்று வரும். அதில் 16 முதல் 28 ஹெர்ட்ஸ் வரை தடை போட்டோம். ஏறும்போதும் இறங்கும்போதும் டிரைவ் இந்தப் பட்டையைக் கடக்கும், அதில் தங்காது. ராத்திரி ஓட்டத்தை 30-க்கு ஏற்றினார்கள். தண்டு விநாடிக்கு 14.6 சுற்று, r = 1.46, சுரண்டாத பழைய இம்பெல்லரை வைத்துக் கணக்கிட்டால்கூட X 0.17 மி.மீ.தான். கரன்ட் மிச்சம் கொஞ்சம் குறையும், அதற்கு ஓனர் முகம் சுளித்தார். ஆனாலும் முழு வேகத்துக்கான பவரில் கால் பங்குக்கும் கீழேதான்.

பட்டையைக் கடக்கையில் ஆடாதா என்றால், ஆடும். இந்த அமைப்பின் நினைவு 1/(ζωn), அதாவது கால் விநாடி. முழு உயரத்துக்கு அதிர்வு வளர ஒரு விநாடி வேண்டும். டிரைவின் ஏற்ற நேரம் 20 விநாடி என்று இருந்தால் உச்சிப் பகுதியைக் கடக்கவே ஏறக்குறைய ஒரு விநாடி ஆகிறது, அதனால் நன்றாகவே உலுக்கிவிட்டுப் போகும். 8 விநாடியாக வைத்தால் முழுதாக வளர்வதற்குள் கடந்துவிடும். ரொம்பக் குறைத்தால் மோட்டார் கரன்ட் ஏறி டிரைவ் ட்ரிப் ஆகும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த மாதிரிக்கு எல்லைகளும் உண்டு. புளோயர் மேலும் கீழும் மட்டும் ஆடுவதாக எடுத்துக்கொண்டோம். நிறை மையம் மவுண்ட்டுகளுக்கு நடுவில் இல்லாவிட்டால் அது முன்னும் பின்னும் சாய்ந்தாடும், அதற்குத் தனி இயல்பு அதிர்வெண் உண்டு. நாலு மூலையிலும் கைப்பேசியை வைத்து அளந்து, எதிரெதிர் மூலைகள் எதிரெதிராக ஆடினால் இந்த ஒற்றைச் சமன்பாடு போதாது என்று அர்த்தம். மாடியில், இரும்பு மேடை மேல் வைத்த புளோயருக்கும் இது ஒத்துவராது, மேடையே இன்னொரு ஸ்பிரிங். ஒத்ததிர்வா, வேறு கோளாறா என்று கணக்கில்லாமல் பார்க்க ஒரு வழி: முழு வேகத்திலிருந்து மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தானாக ஓய்ந்து நிற்பதைக் கவனியுங்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் உலுக்கிவிட்டு மறுபடி அடங்கினால் ஒத்ததிர்வு. கடைசிவரை வேகத்தோடு சீராகக் குறைந்தால் வேறெங்காவது தேடுங்கள்.

ரப்பர் வெயிலிலும் எண்ணெயிலும் வருஷத்துக்கு வருஷம் இறுகும். k ஏறும், 10 ஹெர்ட்ஸ் 11 ஆகும், தடைப் பட்டையும் மேலே நகர வேண்டும். அதனால் சர்வீஸுக்கு நிறுத்தும் ஒவ்வொரு முறையும் மரச் சுத்தித் தட்டும் கைப்பேசியும் கட்டாயம் என்று அண்ணனின் செக்லிஸ்ட்டில் சேர்த்திருக்கிறோம். ஓனர் இப்போது ரப்பரை எடுத்துவிட்டு 25 மி.மீ. அமுங்கும் காயில் ஸ்பிரிங் போடலாமா என்று கேட்கிறார். போட்டால் இயல்பு அதிர்வெண் 3.2 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், ராத்திரி 20-இல் ஓட்டினாலும் r மூன்றைத் தாண்டிவிடும், தடையே வேண்டாம். ஆனால் டக்ட்டுக்கும் புளோயருக்கும் இடையில் இப்போது இருக்கும் தகர இணைப்பை வெட்டி கேன்வாஸ் பெல்லோ போட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் ஆட விடாமல் தகரமே பிடித்துக்கொள்ளும். அதற்கான கொட்டேஷன் இன்னும் வரவில்லை.